தொடையில் ஒரு மடிப்பு கூடுதலா? குழந்தையின் இடுப்பு மூட்டுக்கு இலவசப் பரிசோதனை உண்டு

நெல்லிக்குப்பத்தில் இருக்கும் என் தங்கை மகள் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பாயில் மல்லாக்கப் படுக்க வைத்த குழந்தை, ஐந்தாவது மாதம். இடது தொடையில் மூன்று மடிப்பு, வலதில் இரண்டு. "இடது காலும் கொஞ்சம் குட்டையா தெரியுது பெரியம்மா, பயமா இருக்கு" என்று எழுதியிருந்தாள்.

மடிப்பு மட்டும் வேறுபட்டால் பயப்பட வேண்டாம். நல்ல ஆரோக்கியமான குழந்தைகளில் நிறையப் பேருக்குத் தொடை மடிப்பு இருபக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. படத்தில் கால் குட்டையாகத் தெரிவதற்கும் இடுப்பு லேசாகச் சாய்ந்திருந்தாலே போதும். ஆனால் மடிப்போடு கால் நீளமும் வேறுபட்டால், தொடை எலும்பின் பந்து இடுப்புக் குழியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். படத்தை வைத்து யாரும் 'இருக்கிறது' என்றோ 'இல்லை' என்றோ சொல்ல முடியாது.

இந்தப் பரிசோதனைக்கு அரசுத் திட்டமே இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தை ஆர்.பி.எஸ்.கே. என்றும் சொல்வார்கள். பிறந்தது முதல் 18 வயது வரை, பிறவிக் குறைபாடு உட்பட சுமார் 30 வகைப் பிரச்சினைகளுக்குப் பார்க்கிறார்கள். இடுப்பு மூட்டு விலகல் அந்தப் பட்டியலில் பெயரோடு இருக்கிறது. பரிசோதனையோடு நின்றுவிடாமல், மேல் சிகிச்சையும் தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் திட்டத்தில் இலவசம். கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் இது நடக்கிறது.

பிரசவித்த மருத்துவமனையிலேயே முதல் பரிசோதனை. ஆறு வாரத்துக்கு மேல், நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்: குழு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். இடுப்பு மூட்டு விஷயத்தில் ஆறு மாதம் காத்திருப்பது பெரிய நஷ்டம். புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும்போதே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டலாம். அவர் சீட்டு எழுதி மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கோ எலும்பு மருத்துவரிடமோ அனுப்புவார்.

தங்கை மகளிடம் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, வயிற்றில் குழந்தை எப்படி இருந்தது? கால் கீழாக இருந்ததால்தான் ஆபரேஷன் செய்தார்கள் என்றாள். கால் கீழாக இருந்த குழந்தைக்கும், பெண் குழந்தைக்கும், குடும்பத்தில் யாருக்காவது இந்தப் பிரச்சினை இருந்த குழந்தைக்கும் வாய்ப்பு அதிகம். இவள் பெண், தலைச்சன் வேறு. டிஸ்சார்ஜ் சீட்டைக் கட்டாயம் கையோடு எடுத்துப் போகச் சொன்னேன்.

இரண்டாவது, டயபர் மாற்றும்போது இரண்டு தொடையும் ஒரே அளவு விரிகிறதா? இடது பக்கம் பாதியிலேயே நின்றுவிடுகிறது என்றாள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையிடம் மடிப்பை விட இதுதான் நம்பத்தகுந்த அடையாளம். அழுத்தி விரித்துப் பார்க்கக் கூடாது, தானாக விரியும் அளவு போதும்.

மருத்துவர் செய்ததும் எளிமையானதுதான். கெட்டியான மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு முழங்காலையும் மடக்கி, குதிகாலைச் சேர்த்து வைத்து, கால்மாட்டிலிருந்து பார்த்தார். இடது முழங்கால் தணிந்து நின்றது. இரண்டு பக்கமும் விலகியிருந்தால் முழங்கால் சமமாகவே தெரியும், மடிப்பும் ஒன்றுபோல இருக்கும். அதனால் மடிப்பு சரியாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடவும் முடியாது.

பிறகு என்ன படம் எடுப்பது என்பது வயதைப் பொறுத்தது. நான்கைந்து மாதம் வரை பந்து பெரும்பாலும் குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் உதவும். அதற்குப் பிறகு எக்ஸ்ரே. கால் கீழாக இருந்த குழந்தைக்கு, கையால் பார்த்ததில் குறை இல்லாவிட்டாலும் ஆறு வாரம் வாக்கில் ஸ்கேன் கேட்டுப் பெறுவது நல்லது. இவளுக்கு அது நடக்கவில்லை. ஐந்தாம் மாதத்து எக்ஸ்ரேயில் இடது பந்து குழிக்கு வெளியே, மேலே ஏறியிருந்தது.

ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்ததால் துணி வார் போதும் என்று முடிவானது. தோளில் மாட்டி, தொடையைத் தவளைபோல மடக்கி விரித்து வைக்கும் வார் அது. இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும், மருத்துவர் சொல்லாமல் கழற்றக் கூடாது. மூன்று நான்கு வாரத்தில் பந்து குழிக்குள் வரவில்லை என்றால் வாரை நிறுத்திவிட்டு, மயக்கம் கொடுத்து மூட்டைப் பொருத்தி மாவுக்கட்டு போடுவார்கள். நடக்கத் தொடங்கி, விந்தி நடப்பதைப் பார்த்துக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் எலும்பு அறுவை சிகிச்சைதான்.

வீட்டில் கால்களை நேராக நீட்டித் துணியில் இறுகச் சுற்றுவதை அவள் மாமியார் நிறுத்திவிட்டார். வார் போட்டு இது மூன்றாவது வாரம், அடுத்த புதன் மறுபடி படம் எடுக்கிறார்கள்.