‘ஒழுகவே ஒழுகாது’ என்று எழுதும் முன்: டிஃபன் பாக்ஸ் விற்பவர்களுக்குச் சில வார்த்தைகள்

ஆன்லைனில் டிஃபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் விற்பவர்களுக்குப் பொருள் விவரம் எழுதித் தருவது என் வேலை. திரும்பி வரும் டப்பாக்களில் பல நல்ல டப்பாக்களே. விவரத்தில் ஒன்று எழுதியிருப்பார்கள், டப்பா இன்னொன்றைச் செய்யும். அவ்வளவுதான் சிக்கல்.

அண்மையில் வந்த ஒரு பாக்ஸையே எடுத்துக்கொள்வோம். மூன்று அறை, நான்கு கிளிப் மூடி. விற்பவர் அனுப்பிய வரி: “100% ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஃபுட் கிரேடு, லீக் ப்ரூஃப்.” கழற்றிப் பார்த்தால் உள்தட்டு மட்டும்தான் ஸ்டீல். வெளிக்கூடும் மூடியும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக், மூடியின் பள்ளத்தில் சிலிக்கோன் வாஷர். சூடான சாம்பாரின் ஆவி போய்ப் படிவது மூடியில்தானே? அதனால் சாப்பாடு தொடும் ஒவ்வொரு பாகத்துக்கும் பொருளைத் தனித்தனியாக எழுதச் சொல்வேன்.

ஸ்டீல் என்றால் எந்த ஸ்டீல் என்ற கேள்வி அடுத்து வரும். “காந்தம் ஒட்டலை மேடம், 304தான்” என்பார்கள். 201 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. மாறாக, அச்சில் அழுத்திய மூலைகளில் அசல் 304கூடக் காந்தத்தை லேசாக இழுக்கும். 304இல் நிக்கல் சுமார் 8 சதவீதம். 201இல் அதில் பாதிதான் இருக்கும், மீதிக்கு மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். உப்பும் புளியும் பட்டால் 201இல் சீக்கிரம் புள்ளி விழும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சப்ளையரிடம் ஆய்வக அறிக்கை கேளுங்கள். அறிக்கை இல்லையென்றால் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

‘பிபிஏ இல்லை’ என்று கொட்டை எழுத்தில் போடுவதைப் பற்றியும் ஒன்று. பிபிஏ என்ற வேதிப்பொருள் பாலிகார்பனேட் எனும் வேறொரு பிளாஸ்டிக்கின் மூலப்பொருள். பாலிப்ரொப்பிலீன் தயாரிக்க அது தேவையே இல்லை. எழுதினால் பொய்யில்லை, ஆனால் பெருமையும் இல்லை. ‘எஃப்எஸ்எஸ்ஏஐ அங்கீகாரம் பெற்ற டப்பா’ என்பதை மட்டும் அடித்துவிடுவேன். அந்த அமைப்பு உரிமம் தருவது உணவுத் தொழில் செய்பவர்களுக்கு, காலி டப்பாவுக்கு அல்ல. ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதன் கீழுள்ள CM/L என்ற உரிம எண்ணைப் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்த்த பிறகு போடுங்கள்.

இனி ஒழுகும் விஷயம். விற்பவர் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்திருந்தார், ஒரு சொட்டு வரவில்லை. நான் கொதித்து இறக்கிய ரசத்தை ஊற்றி, மூடி, பழைய செய்தித்தாள் மேல் அரை மணி நேரம் பக்கவாட்டில் படுக்க வைத்தேன். கிளிப் இல்லாத மூலையில் மஞ்சள் வட்டம் விழுந்துவிட்டது. சூடான உணவை மூடினால் உள்ளே ஆவி அழுத்தம் ஏறும், மூடி மயிரிழை தூக்கினாலும் போதும். ஆறும்போது நேர்மாறாக உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளால் மூடியைத் திறக்க முடியாமல் போவது இதனால்தான். மூடியில் காற்றுத் திறப்பு இருந்தால், அதைத் தூக்கிவிட்டுத் திறக்கச் சொல்லி விவரத்தில் எழுதுங்கள்.

இதைவிட அதிகப் புகார் வருவது அறைக்கு அறை கசிவதில். வாஷர் வெளி விளிம்பில் மட்டும் இருந்தால் பை நனையாது. ஆனால் தயிர் சாதத்தின் தண்ணீர் பக்கத்து அறையின் அப்பளத்தை ஊறவைத்துவிடும். வாங்குபவருக்கு இரண்டும் ஒழுகல்தான். மூடியின் உட்புறம் பாருங்கள். தடுப்புச் சுவர் மேலேயும் வாஷர் ஓடுகிறதா? ஓடவில்லையென்றால் சொல்லிவிடுங்கள்.

கழுவும் குறிப்பை ‘எளிதில் சுத்தம் செய்யலாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நாற்றம் பிடிப்பது வாஷருக்கு அடியில். வாஷர் கழலுமா, எதைக்கொண்டு கழற்றுவது, மீண்டும் எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று படத்தோடு காட்டுங்கள். தலைகீழாகப் போட்டுவிட்டு ‘இரண்டே வாரத்தில் ஒழுகுகிறது’ என்று எழுதுபவர்கள் உண்டு. மஞ்சள் கறை பிளாஸ்டிக்கிலும் சிலிக்கோனிலும் ஏறும், வெயிலில் வைத்தால் மங்கும். பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம், குளோரின் ஸ்டீலில் குழி விழச் செய்யும்.

கடைசியில் அந்தப் பாக்ஸுக்கு நான் எழுதிக் கொடுத்தது இது:

“உள்தட்டு: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வெளிக்கூடு, மூடி: பாலிப்ரொப்பிலீன். வாஷர்: சிலிக்கோன், கழற்றிக் கழுவலாம். சாதம், பொரியல், கெட்டிக் குழம்புக்கு ஏற்றது. ரசம், மோர் போன்ற நீர்த்த உணவுக்கு ஏற்றதல்ல. அறைகளுக்கு இடையே கசிவுத் தடுப்பு இல்லை. சூடு தணிந்த பின் மூடவும். ஸ்டீல் தட்டை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது.”

“இப்படி எழுதினா யாரும்மா வாங்குவாங்க?” என்றார் விற்பவர். ரசம் எடுத்துப் போகிறவர்கள் வாங்க மாட்டார்கள், அவர்கள் வாங்கினால் எப்படியும் திருப்பித்தான் அனுப்புவார்கள் என்றேன். போக வர கூரியர் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.