முதலில் காதில் விழுந்த சொல்

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் கேட்டல் தாளில் நான்கு பகுதிகள், 40 கேள்விகள். நான்காவது பகுதியில் ஒருவரே பேசுகிற ஒரு சிறு விரிவுரை வரும். ஒரே முறைதான் ஒலிக்கும். நடுவில் நிறுத்தமும் கிடையாது. எதிரே அந்த விரிவுரையின் குறிப்பு இருக்கும், அதில் அங்கங்கே கோடிட்ட இடங்கள். கேட்கக் கேட்க நிரப்ப வேண்டும்.

இதில் மதிப்பெண் விட்டவர்களைக் கேட்டால், "அந்த வார்த்தை காதிலேயே விழலை" என்பார்கள். பெரும்பாலும் விழுந்திருக்கும். அதற்கு முந்தைய சொல்லின் எழுத்தோடு அவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது விழுந்திருக்கும், அவ்வளவுதான். அந்த இரண்டு நொடியில் தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

உதாரணத்துக்கு நானே ஒரு குறிப்புத்தாள் தயாரித்திருக்கிறேன். இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்துக்குத் தெற்கே கடலுக்குள் இருக்கும் எடிஸ்டோன் பாறையின் கலங்கரை விளக்கம் பற்றியது. தேர்வில் வந்ததல்ல. ஆனால் அதில் உள்ள வரலாறு உண்மை.

```
Write ONE WORD AND/OR A NUMBER for each answer.

Second tower: outside made of 1 ______
              destroyed by 2 ______
Smeaton's tower: shape based on an 3 ______ tree
                 outer blocks made of 4 ______
                 first lit in 5 ______
Taken down because the 6 ______ was wearing away
```

பேச்சாளர் சொல்வது ஏறத்தாழ இப்படிப் போகும்: "முதல் கோபுரத்தை 1703-இல் பெரும்புயல் அடித்துக்கொண்டு போனது. இரண்டாவதைக் கட்டிய ரட்யர்டு, பாரம் வேண்டும் என்பதற்காக உள்ளே கிரானைட் அடுக்குகளை வைத்தார். வெளிப்பக்கம் முழுக்க மரம். இதற்கும் புயல்தான் எமனாக வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை, 1755-இல் தீப்பிடித்து எரிந்துபோனது. அப்போது அங்கே காவலிருந்தவருக்கு வயது 94 என்கிறார்கள். அடுத்து வந்தவர் ஜான் ஸ்மீட்டன். அடி பருத்து, மேலே போகப் போகச் சிறுக்கும் ஓக் மரத்தைப் பார்த்து வடிவம் அமைத்தார். உள்ளே போர்ட்லண்டு கல், வெளியே கிரானைட். 1756-இல் பாறையில் வேலை தொடங்கியது, மூன்று ஆண்டு கழித்து 1759-இல் விளக்கு எரிந்தது. நூறாண்டுக்கு மேல் நின்றது. பிறகு கழற்ற வேண்டி வந்தது. கோபுரத்தில் குறையில்லை. அது நின்ற பாறையைத்தான் கடல் அரித்துக்கொண்டிருந்தது."

ஆறு விடைகளில் ஐந்துக்கு அருகில் இன்னொரு சொல்லும் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். மரத்துக்கு முன்னால் கிரானைட், தீக்கு முன்னால் புயல், கிரானைட்டுக்கு முன்னால் போர்ட்லண்டு கல், 1759-க்கு முன்னால் 1756, பாறைக்கு முன்னால் கோபுரம். எல்லா இடத்திலும் தவறானது முதலில் வருகிறது. இதைத்தான் பயிற்சி வகுப்புகளில் டிஸ்ட்ராக்டர் என்கிறார்கள். கேள்வி தயாரிப்பவர் பொய் சொல்வதில்லை. உள்ளே கிரானைட் இருந்ததும் உண்மை, முதல் கோபுரம் புயலில் போனதும் உண்மை. கேட்ட கேள்விக்கு அவை விடையல்ல, அவ்வளவே.

கிரானைட் இங்கே இரண்டு முறை வருவதையும் பாருங்கள். முதல் இடத்துக்குப் பொறியாக இருந்த சொல் நான்காவது இடத்தில் விடையாகிறது. அதை ஏற்கனவே முதல் கோட்டில் எழுதிவிட்டவர், "இது அப்போதே வந்துவிட்டதே" என்று நான்காவதில் தயங்குவார். பொருளைக் கேட்காமல் சொல்லை மட்டும் பிடித்தால் இப்படித்தான் ஒரு தவறு இரண்டாகும்.

சரி, முதலில் வருவதை எழுதக் கை ஏன் இப்படிப் பறக்கிறது? காரணம் நம் நினைவின் ஒரு மூலை. ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-இல் செயல்நினைவு என்ற கருத்தை முன்வைத்தார்கள். அதில் ஒரு பகுதி ஒலிக்கானது. காதில் விழுந்த ஒலி அங்கே ஒன்றிரண்டு நொடி தங்கி மங்கும். மங்காமல் வைத்திருக்க, மனத்துக்குள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறோம். கடையில் வாங்க வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே நடப்போமே, அதேதான், சத்தமில்லாமல். இதில் எவ்வளவு கொள்ளும் என்று 1975-இல் பேட்லியும் அவரோடு இருந்தவர்களும் அளந்தார்கள். ஒருவர் சுமார் இரண்டு நொடியில் எவ்வளவு சொல்லி முடிப்பாரோ, ஏறக்குறைய அவ்வளவுதான் நிற்கிறது. குறுகிய சொற்கள் என்றால் அதிகம் நிற்கும், நீண்டவை என்றால் குறையும்.

இங்கேதான் சிக்கல். ஒரு சொல்லுக்கு எழுத்துக்கூட்டும்போதும் இதே உள்குரலைத்தான் பயன்படுத்துகிறோம். கிரானைட்டின் கடைசியில் ஒரு இ எழுத்து உண்டா இல்லையா என்று உள்ளே சொல்லிப் பார்க்கிறீர்கள். அந்த நேரத்தில் வரும் 1756-ஐயும் 1759-ஐயும் பிடித்துவைக்க உள்குரல் காலியாக இல்லை. காது திறந்துதான் இருக்கிறது, ஒலியும் உள்ளே வருகிறது, திருப்பிச் சொல்ல ஆளில்லாமல் மங்கிவிடுகிறது. "காதிலேயே விழலை" என்பது இதுதான்.

அதனால் கேட்கும்போது எழுத்துப்பிழையைப் பற்றி யோசிக்காமல் இருப்பதே நல்லது. சந்தேகமான சொல்லை முதல் மூன்று நான்கு எழுத்தோடு விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். காகிதத்தில் எழுதும் தேர்வில் விடைகளைப் பெயர்த்தெழுதக் கடைசியில் 10 நிமிடம் தருகிறார்கள். கணினித் தேர்வில் சரிபார்க்க 2 நிமிடம்தான். எழுத்துக்கூட்டல் அந்த நேரத்துக்கான வேலை. பிரிட்டிஷ் முறை, அமெரிக்க முறை இரண்டில் எதில் எழுதினாலும் ஏற்பார்கள். மற்றபடி பிழையாக எழுதினால் மதிப்பெண் கிடையாது.

எண்களில் வேறு கதை. பதினைந்தா ஐம்பதா என்ற குழப்பம் எல்லாருக்கும் தெரிந்தது. ஆங்கிலத்தில் பதினைந்தைத் தனியாகச் சொன்னால் அழுத்தம் பின்பாதியில் விழும், ஐம்பதுக்கு முன்பாதியில். இதை எல்லாப் பயிற்சியிலும் சொல்லித்தருகிறார்கள். ஆனால் "பதினைந்து நிமிடம்" என்பதுபோல் பின்னால் ஒரு பெயர்ச்சொல் ஒட்டிக்கொண்டால் அந்த அழுத்தம் பெரும்பாலும் முன்னுக்கு நகர்ந்துவிடும் என்பதைச் சொல்வதில்லை. அப்போது அழுத்தத்தை நம்பினால் ஏமாற்றம்தான். நம்பக்கூடியது பின்பாதியின் நீளம்: பதினைந்தில் ஈகாரம் நீண்டு ன் என்று மூக்கொலியில் முடியும், ஐம்பதில் இகரத்தோடு நின்றுவிடும். இன்னொரு வசதியும் உண்டு. ஐம்பதுக்குப் பின்னால் ஒன்பது வந்து ஐம்பத்தொன்பது ஆகலாம், பதினைந்துக்குப் பின்னால் அப்படி எதுவும் ஒட்டாது. ஆகவே 1759-இன் பின்பாதியில் குழப்பத்துக்கு இடமே இல்லை. 15, 50 போன்ற எண்கள் தனியாக வரும்போதுதான் காதைத் தீட்ட வேண்டும்.

எண்ணை மனத்துக்குள் எந்த மொழியில் வைத்துக்கொள்வது என்பதும் யோசிக்க வேண்டியது. வெல்ஷ் மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களை 1980-இல் சோதித்தபோது, வெல்ஷில் அவர்களால் குறைவான இலக்கங்களையே நினைவில் நிறுத்த முடிந்தது. அந்த மொழியில் எண்களைச் சொல்ல அதிக நேரம் பிடிப்பதே காரணம். அந்த இரண்டு நொடிக் கணக்குதான். நம் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் ஆங்கில எண்களைவிட நீளமானவை. எனவே தமிழில் மாற்றி வைத்துக்கொள்வது நட்டம் என்பது என் கணிப்பு. போன் நம்பரை நம்மில் பலர் ஆங்கிலத்தில்தான் சொல்கிறோம் என்பதால் இதில் பெரிய கஷ்டம் இருக்காது.

எழுத்தெழுத்தாகப் பெயர் சொல்வது விரிவுரையில் அபூர்வம். முதல் பகுதியின் உரையாடலில்தான் அது வழக்கம்: தெருப்பெயர், குடும்பப்பெயர் இப்படி. அங்கே தமிழ்க் காதுக்கென்று ஒரு தனிப் பொறி இருக்கிறது. லிஸ்கர், ஆப்ராம்சன் என்ற இரண்டு ஒலியியலாளர்கள் 1964-இல் பதினொரு மொழிகளை அளந்தார்கள். தமிழும் அதில் ஒன்று. உதடு திறந்த பிறகு குரல்நாண் அதிரத் தொடங்க எவ்வளவு நேரமாகிறது என்பதுதான் அவர்கள் பார்த்தது. ஆங்கிலத்தில் 'பென்' என்கிற பேனாவின் முதல் ஒலிக்கு இது ஏறக்குறைய 60 மில்லிநொடி. அந்த இடைவெளியில் ஒரு மூச்சு வெளியே வரும். 'பெட்' என்கிற படுக்கையின் முதல் ஒலிக்கு இடைவெளி கிட்டத்தட்ட பூஜ்யம். நம் 'பல்', 'படம்' போன்ற சொற்களின் பகரத்துக்கோ 10 மில்லிநொடியை ஒட்டித்தான் வரும். அதாவது நம் வல்லினப் பகரம், அளவில் ஆங்கிலப் படுக்கையின் பக்கம் நிற்கிறது, பேனாவின் பக்கம் இல்லை. அதிர்வு இருக்கிறதா என்று தேடும் தமிழ்க் காது, ஆங்கிலேயர் சொல்லும் p, b என்ற இரண்டு பி எழுத்துகளில் எது எது என்று தடுமாறுவது இதனால்தான். அதிர்வைத் தேடாமல் மூச்சைத் தேடினால் பிடிபடும். டி எழுத்துகள் இரண்டுக்கும் இதே வைத்தியம்.

இன்னொன்று நம் கைப்பழக்கம். தமிழை ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்யும்போது ஏ ஒலிக்கு நாம் போடுவது e. ஆங்கிலத்தில் ஏ என்று பெயர் சொன்னால் அது a. அவசரத்தில் விரல் பழைய வழியில் போகும். ஏதாவது பெயரை யாரையாவது எழுத்தெழுத்தாகச் சொல்லவைத்து எழுதிப் பார்த்தால் உங்களுக்கு இந்தப் பழக்கம் உண்டா என்று தெரிந்துவிடும்.

மறுபடி பாறைக்கு வருவோம். பொறியைக் கடப்பது எப்படி? கோட்டுக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் சொற்களில்தான் வழி இருக்கிறது. முதல் இடத்தில் 'outside' என்று இருக்கிறது, எனவே 'உள்ளே' என்று ஆரம்பிக்கும் எதுவும் விடையல்ல. மூன்றாவதில் கோட்டுக்கு முன் 'an' நிற்பதால் வரப்போகும் சொல் உயிரொலியில் தொடங்கும், ஓக் பொருந்தும். ஐந்தாவதில் 'first lit' என்பதால் வேலை தொடங்கிய ஆண்டு வேண்டாம். பேச்சு ஆரம்பிக்கும் முன் கிடைக்கும் சில நொடிகளில் இந்தச் சொற்களின் கீழ்க் கோடு போடுவது, விடையை ஊகிப்பதைவிடப் பயன் தரும். ஊகித்தவர் புயலை எதிர்பார்த்துக் காத்திருப்பார், புயலும் சொன்னபடி வந்து நிற்கும்.

அப்புறம், ஒரு சொல்லைக் கேட்டதும் அதை எழுதலாம், ஆனால் அந்த வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை அதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'ஆனால்', 'உண்மையில்', 'இல்லை' என்ற பொருளில் ஒரு சொல் வந்தால் எழுதியது மாறப்போகிறது. சில சமயம் அப்படி ஒரு சொல்லும் வராது. 1756-க்கும் 1759-க்கும் நடுவில் 'மூன்று ஆண்டு கழித்து' என்பதற்கு மேல் எதுவும் இல்லை. அங்கே வினைச்சொல்தான் காட்டிக்கொடுக்கும்: தொடங்கியது, எரிந்தது. இந்த வகை கடினமானது, பழகியவர்களும் தவறவிடுவார்கள்.

94 என்ற எண்ணுக்குக் கோடே இல்லை. கேள்விகள் பேச்சின் வரிசையிலேயே வரும் என்பதால், தீ முடிந்ததும் கண் ஓக் மரத்தின் வரிக்குப் போயிருக்க வேண்டும். அங்கே போகாதவர் 94-ஐ எங்கே எழுதுவது என்று தேடிக்கொண்டிருப்பார். கடைசியிலும் அப்படித்தான். பாறை என்ற விடைக்குப் பிறகு பேச்சாளர் சும்மா இருக்க மாட்டார். மேல்பாதியைப் பிளிமத்துக்குக் கொண்டுவந்து கடற்கரை மேட்டில் மறுபடி நிறுத்தினார்கள் என்பார், அடிப்பகுதி இன்றும் அதே பாறையில் புதிய விளக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பார். ஆறாவதைத் தவறவிட்டவர் பிளிமத் என்று எழுதி வைப்பார். "பிளிமத் அரித்துக்கொண்டிருந்ததால் கழற்றினார்கள்" என்று அந்த வரியை ஒருமுறை வாசித்துப் பார்த்திருந்தாலே அழித்திருப்பார்.