கன்வர்ஜென்ஸ் என்றால் ஒருங்கல்

மின்சுற்றுகளைக் கணினியில் சோதிக்கும் ஸ்பைஸ் மென்பொருளில் சுற்று ஓட்டுபவர்கள் "கன்வர்ஜ் ஆகல" என்று சொல்வார்கள். சேர்ந்து ஒரே பக்கம் சாய்வது என்பதுதான் லத்தீன் மூலத்தின் பொருள். தமிழில் இதற்குக் குவிதல், ஒருங்கல் என்று இரண்டு சொற்கள் உண்டு. ஒளிக்கதிருக்குக் குவிதல் பொருந்தும். கணக்கின் விடை திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டு ஓர் எண்ணில் வந்து நிற்பதற்கு ஒருங்கல்தான் சரி என்பேன், "ஒருங்கே" என்று நாம் சொல்வதில் இருக்கும் அதே வேர்.

எந்த விடை ஒருங்குகிறது? ஒரு டிரான்சிஸ்டர் பெருக்கியை எடுத்துக்கொள்வோம்: 12 வோல்ட், பேஸில் 47k-யும் 10k-யும், கலெக்டரில் 4.7k, எமிட்டரில் 1k, அதற்கு இணையாக ஒரு பெரிய கெபாசிட்டர். கையில் கணக்குப் போட்டால் பேஸ் 2.1 வோல்ட், எமிட்டர் 1.4, அதனால் 1.4 மில்லியாம்ப், கலெக்டர் 5.4 வோல்ட், பெருக்கம் சுமார் 250. சரிபார்க்க:

```
Vin in 0 DC 0 AC 1 SIN(0 5m 1k)
.op
.ac dec 20 10 10meg
.tran 1u 5m
```

முதலில் டிசி நிலைப்புள்ளியைக் கணக்கிடும் .op-ஐப் பாருங்கள். டிரான்சிஸ்டரில் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் 0.1 வோல்ட் கூடினால் மின்னோட்டம் கிட்டத்தட்ட 50 மடங்காகும், இதை நேரடியாகத் தீர்க்க முடியாது என்பதால் ஸ்பைஸ் ஊகித்து, தொடுகோடு போட்டு, மறுபடி ஊகிக்கிறது. அடுத்தடுத்த இரண்டு ஊகங்கள் ஏறக்குறைய 0.1 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் ஒருங்கியது என்று பொருள்.

.ac அந்த நிலைப்புள்ளியில் சுற்றை நேர்கோடாக்கிவிடுகிறது. அதில் ஊகம் கிடையாது, ஒருங்கல் பிரச்சினையும் கிடையாது. 1 வோல்ட் கொடுத்தால் 250 வோல்ட் வெளியே வருகிறது என்று 12 வோல்ட் சுற்றிலும் காட்டும்! அது பெருக்க விகிதம் மட்டுமே. அலையின் தலை வெட்டுப்படுகிறதா என்று, காலத்தைப் படிப்படியாக நகர்த்திக் கணக்கிடும் .tran-தான் சொல்லும். அதனால்தான் அங்கே 5 மில்லிவோல்ட் மட்டும் கொடுத்திருக்கிறேன்.

பிழை பெரும்பாலும் இரண்டு இடங்களில் வரும். வெளியீட்டுக் கெபாசிட்டரின் மறுமுனையைச் சும்மா விட்டால் அந்த முனைக்கு டிசி வழி இல்லை, எந்த மின்னழுத்தம் போட்டாலும் சமன்பாடு ஒத்துப்போகும், `singular matrix` என்று வரும். தரைக்கு ஒரு `1meg` ரெசிஸ்டர் போடுங்கள் (`1M` என்று எழுதினால் ஸ்பைஸுக்கு அது மில்லிஓம்).

இன்னொன்று `Timestep too small`. .tran ஒருங்காதபோது ஸ்பைஸ் காலப்படியைச் சின்னதாக்கிப் பார்க்கிறது, படி சின்னதானால் மின்னழுத்த மாற்றமும் சின்னதாகும் என்ற நம்பிக்கையில். ஆனால் வெறும் `.model Q1 NPN` என்று எழுதிவிட்டால் டிரான்சிஸ்டருக்குள் கொள்ளளவே இல்லை. பெரிய சிக்னலில் அது சட்டென்று அணையும்போது மின்னழுத்தம் நேரமே எடுக்காமல் தாவலாம், படியை எவ்வளவு குறைத்தாலும் தாவல் குறையாது. அப்போது அந்த 0.1 சதவீத வரம்பான RELTOL-ஐத் தளர்த்துவது பிழையை மறைக்கத்தான் உதவும். CJE, CJC, TF, RB மதிப்புகள் உள்ள உண்மையான மாடலைப் போட்டால் பெரும்பாலும் ஒருங்கிவிடும்.