கௌபி சாப்பிட்டால் வயிறு ஏன் மத்தளமாகிறது?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "சேர், அம்மாவுக்குச் சீனி வருத்தம். கிளினிக்ல நார்ச்சத்தைக் கூட்டிச் சாப்பிடச் சொன்னாங்க. அடுத்த நாளே காலையில ஒரு கோப்பை கௌபி, பகல் சோத்துக்கு வல்லாரைச் சம்பல், ராத்திரிக்குக் குரக்கன் ரொட்டின்னு மாத்திட்டோம். மூணாம் நாள் வயிறு மத்தளம் மாதிரி ஆயிருச்சு. இது நம்ம உடம்புக்கு ஒத்துக்காதுன்னு அம்மா மறுபடி கோதுமை ரொட்டிக்கே போயிட்டாங்க. உண்மையிலேயே ஒத்துக்காதா?"

ஒத்துக்கொள்ளும். அம்மாவின் குடலுக்குள் இருக்கிறவர்களுக்கு முன்னறிவித்தல் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

என்ன அளவு சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதினேன், அவரும் விவரமாகப் பதில் போட்டார். பழைய சாப்பாட்டில் இருநூறு கிராம் அளவு கோதுமை மா ரொட்டி, பகலுக்குச் சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, கொஞ்சம் தேங்காய்ச் சம்பல். கூட்டிப் பார்த்தால் நார் ஏறக்குறைய 14 கிராம். அதில் நல்ல பங்கு சம்பலிலிருந்து வந்தது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தேங்காய்ப்பூவில் நார் தாராளம், வெள்ளை மாவில்தான் இல்லை. புதிய சாப்பாட்டில் 30 கிராமையும் தாண்டிவிட்டது. வளர்ந்தவர்கள் நாளொன்றுக்கு 25 கிராமாவது சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, போய்ச் சேர்ந்த இடத்தில் தவறில்லை. ஒரே இரவில் போனதுதான் தவறு.

நாரில் இரண்டு வகை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். தண்ணீரில் கரைவது ஒன்று, கரையாதது மற்றது. ஃபலூடாவில் போடும் கசகசாவைச் சுற்றி ஒரு வழுவழுப்பு வருமே, அது கரையும் நார். குடலிலும் அதே கூழ்தான் உண்டாகிறது. சாப்பாட்டிலுள்ள சீனி இரத்தத்துக்குள் ஏறும் வேகத்தை அந்தக் கூழ் குறைக்கிறது; கிளினிக்கில் அம்மாவுக்கு அப்படிச் சொன்னதற்கு இது ஒரு காரணம். தவிட்டிலும் குரக்கன் தோலிலும் லீக்ஸ் தண்டிலும் இருப்பது பெரும்பாலும் கரையாத நார். அது உருமாறாமல் கீழே இறங்கி, மலத்துக்குப் பருமன் கொடுத்து, குடலைத் தள்ளத் தூண்டுகிறது. கௌபியில் இரண்டும் உண்டு.

ஆனால் வயிறு ஊதுமா ஊதாதா என்பதை இந்தப் பிரிவு தீர்மானிப்பதில்லை. இஸ்பகோலைப் பாருங்கள், கூழாகக் கரைகிறது, ஆனாலும் பக்டீரியா அதை அவ்வளவாகத் தொடுவதில்லை, காற்றும் குறைவு. கௌபியிலும் கடலையிலும் நாரோடு சேர்ந்து வரும் ரஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சின்னச் சர்க்கரைச் சங்கிலிகளோ பக்டீரியாவுக்கு வெல்லம் மாதிரி. அந்தச் சங்கிலியை வெட்டும் நொதி மனிதச் சிறுகுடலில் இல்லை. அதனால் அவை முழுசாகப் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கின்றன. கேட்க வேண்டியது கரைகிறதா என்பதல்ல, அங்கே நொதிக்கிறதா என்பது.

இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இனிச் சொல்லப்போகிற பகுதிக்காகத்தான்.

பெருங்குடலில் பிராணவாயு கிடையாது. மூச்சுவிட வழியில்லாத பக்டீரியா சர்க்கரையை உடைக்கும்போது, மிஞ்சும் இலத்திரன்களை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். பலவும் அதை ஐதரசன் வாயுவாக வெளியே விடுகின்றன, கூடவே காபனீரொட்சைட்டு. அம்மாவின் வயிற்றை ஊதவைத்தது இந்த இரண்டுதான். அதே வேலையில் அசற்றேற்று, புரோப்பியோனேற்று, பியூற்றிரேற்று என்ற சிறு அமிலங்களும் பிறக்கின்றன. பெருங்குடல் சுவரின் கலங்கள் பியூற்றிரேற்றைத்தான் முதன்மை எரிபொருளாக எரிக்கின்றன. நாரைத் தின்பது பக்டீரியா, அதன் மிச்சத்தைத் தின்பது நம் குடல்.

வெளியே வந்த ஐதரசன் அப்படியே கிடப்பதில்லை. ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து மூச்சோடு போய்விடும். இன்னொரு பகுதியைப் பிடித்துத் தின்னவே சில நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. அவற்றுள் மெதனோபிரெவிபக்டர் சிமித்தி என்றொன்று, பக்டீரியாகூட இல்லை, ஆர்க்கியா என்ற தனிக் குலம். அது செய்யும் கணக்கு இது:

4H₂ + CO₂ → CH₄ + 2H₂O

இடப்பக்கத்தில் வாயு மூலக்கூறுகள் ஐந்து, வலப்பக்கத்தில் வாயுவாக மிஞ்சுவது மீதேன் ஒன்று. தண்ணீர் தண்ணீரோடு போய்விடும். ஐந்து பலூனை ஒரு பலூனாகச் சுருக்கும் இந்த வித்தையை நான் எத்தனை முறை கரும்பலகையில் எழுதினாலும் அலுத்ததில்லை. எல்லார் குடலிலும் இது போதுமான அளவு இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதிகமாக மீதேன் உண்டாகிறவர்களுக்குக் குடல் அசைவு மந்தமாகி மலச்சிக்கல் வருவதும் உண்டு. இயற்கை யாருக்கும் இலவசமாக எதையும் தருவதில்லை.

அதைவிடப் பெரிய வேலையைச் செய்வது பிஃபிடோபக்டீரியா. இதுவும் அதே ரஃபினோஸைத்தான் தின்னும், ஆனால் அசற்றேற்றையும் லக்ரேற்றையும் மட்டும் விட்டுவிட்டுப் போகும், வாயு விடாது. கௌபி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் இவை பெருகி, வாயு விடுகிற கூட்டத்துக்கு முந்திக்கொண்டு சாப்பாட்டைத் தீர்த்துவிடும். பந்தியில் ஆள் மாறுகிறது. இதற்கு இரண்டு மூன்று கிழமை ஆகிறது. திடீரென ஒரு கோப்பை கொட்டினால், பந்தியில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறவர்களே எல்லாவற்றையும் அள்ளிக்கொள்கிறார்கள்.

2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தினம் அரைக் கோப்பை அவரையினம் சாப்பிட்டவர்களிடம் கிழமைக்குக் கிழமை காற்றுத் தொல்லையைக் கேட்டார்கள். சில வகை பீன்ஸுக்கு முதல் கிழமையில் பாதிப் பேர்வரை ஆமென்றார்கள். கௌபிக்கு 19 சதவீதம் பேர் மட்டுமே. கிழமைகள் போகப் போக அந்தத் தொல்லையும் குறைந்தது. நம் ஊர்க் கௌபிதான் அங்கே நல்லபிள்ளை. தலவாக்கலையில் தேயிலைச் செடிக்கென்று 1925இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொழுந்து பறிப்பவர்களின் வயிற்றுக்கும் அதில் காற்பங்குப் பணம் ஒதுக்கினால், அமெரிக்கர்களின் கௌபியை நான் இரவல் வாங்க வேண்டியிருக்காது.

மலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். சட்டி தளதளவென்று கொதிக்கும், கௌபி வேகாது. அரைவேக்காட்டு மாச்சத்து சீரணமாகாமல் பெருங்குடலுக்குப் போய் இன்னும் காற்றாகும். விரலால் நசுக்கினால் நடுவில் மணலாக இருக்கக் கூடாது, வெண்ணெய் போல வழுக்க வேண்டும். பிரஷர் குக்கர் இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். ஊறின தண்ணீரில் ரஃபினோஸில் ஒரு பகுதி போய்விடும். முளைகட்டினால் இன்னும் குறையும், விதை முளைப்பதற்குத் தானே அதைச் செலவழிக்கிறது.

அம்மாவுக்கு நான் எழுதியனுப்பிய ஒழுங்கு இதுதான். முதல் இரண்டு கிழமை ரொட்டியைத் தொட வேண்டாம், பகல் சோற்றோடு அவித்த கௌபி இரண்டு மேசைக்கரண்டி மட்டும். அதில் நார் இரண்டு கிராமுக்குள். மூன்றாம் கிழமை ரொட்டி மாவில் நாலில் ஒரு பங்குக்குக் குரக்கன் மா, அதாவது இருநூறில் ஐம்பது கிராம். இது ஏறக்குறைய நாலு கிராம் கூட்டும். நாலாம் கிழமை ஒன்றும் கூட்டாமல் அப்படியே இருக்கட்டும். ஐந்தாம் கிழமை கௌபி அரைக் கோப்பை. அதற்குப் பிறகு ஒரு கொய்யாப்பழம் சேர்ந்தால் 25 தாண்டிவிடும். எந்தக் கட்டத்திலாவது வயிறு இறுகினால் முந்தின அளவுக்கு இறங்கி ஒரு கிழமை நிற்க வேண்டும். முழுசாக நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வளர்ந்த கூட்டம் பட்டினி கிடக்கும்.

எது ஊதவைத்தது என்று கண்டுபிடிக்க நேரம் பார்த்தால் போதும். சாப்பாடு பெருங்குடலை எட்ட நாலைந்து மணித்தியாலமாவது ஆகும். ஆகவே பகல் கௌபியின் காற்று பொழுதுபட்ட பிறகே வரும். சாப்பிட்டு அரைமணிக்குள் ஊதினால் அந்தச் சாப்பாட்டைக் குற்றம் சொல்வது அநியாயம், முந்தின வேளையைத்தான் விசாரிக்க வேண்டும். காற்றுப் பிரிந்தவுடன் இலேசானால் அது நொதித்தல். விடியக்காலையிலேயே கனமாக, மலம் கல்லாக இருந்தால் அது தண்ணீர்ப் பஞ்சம். அப்போது மேலும் நாரைப் போட்டால் அடைப்புத்தான் கூடும். இதற்கெல்லாம் "கேஸ்" என்று ஒரே பெயர் வைத்து, அமிலத்துக்கான மாத்திரையை விழுங்குகிற பழக்கம் எனக்குப் புரிவதேயில்லை. ஐதரசனுக்கு அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது.

தண்ணீர் என்று சொன்னதும் வாசகி எழுதினார்: "மலையில கக்கூஸ் இல்ல சேர், அதனால அம்மா காலையில குடிக்கவே மாட்டாங்க." தெரிந்த கதைதான். நார் இழுத்து வைத்துக்கொள்ள நீர் வேண்டும், இஸ்பகோல் போடுகிறவர்களுக்கு இது இன்னும் கட்டாயம், ஒவ்வொரு தடவையும் ஒரு முழுக் கோப்பை. வேலை முடிந்து வந்த பிறகு குடிப்பதும் கணக்கில் சேரும், பிளேன்டீயும் சேரும். மலையில் கழிப்பறை கட்ட வேண்டியது யார் என்பது நார் பற்றிய கேள்வியல்ல, ஆனால் நாரின் பலன் அதில் தொங்குகிறது.

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவது, வாந்தி, காற்றுக்கூடப் பிரியாமல் வயிறு கடுமையாக வலிப்பது, இவற்றுள் ஏதாவது இருந்தால் கௌபி பரிசோதனையை விட்டு வைத்தியரிடம் போக வேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் பயறினத்தைக் கூட்டுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும், அதில் பொட்டாசியம் அதிகம்.

ஏழாம் கிழமை மறுபடி கடிதம் வந்தது. அரைக் கோப்பை கௌபி சிக்கலில்லாமல் போகிறதாம். பிறகு அம்மா கொழும்பில் மகன் வீட்டுக்குப் போய் மூன்று கிழமை பாணும் பருப்புமாக இருந்துவிட்டு வந்து, வந்த அன்றே அரைக் கோப்பையில் தொடங்க, மத்தளம் திரும்பிவிட்டதாம். பந்தியில் ஆள் கலைந்திருக்கும். இரண்டு மேசைக்கரண்டியிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.