வ பஅது: அரபு வணிக மடலின் ‘நிற்க’

அரபு நிறுவனங்களின் முறையான மடல்களில், பெறுநரின் பெயருக்கு அடுத்த வரியில் ‘தஹிய்யா தய்யிபா, வ பஅது’ என்ற தொடரைப் பெரும்பாலும் காணலாம். ‘தஹிய்யா’ உயிர்வாழ்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல். நம் ‘வாழ்த்து’ம் ‘வாழ்’ என்பதிலிருந்து பிறந்ததுதான். ‘தய்யிபா’ என்பதற்கு நல்லது என்று பொருள். எனவே முதற்பகுதியை ‘நல்வாழ்த்து’ எனலாம். மொழிபெயர்ப்பவர் தடுமாறுவது ‘வ பஅது’ என்னும் பிற்பகுதியில்தான். ‘வ’ என்றால் ‘உம்’, ‘பஅது’ என்றால் ‘பின்’ என்று அகராதியைப் பார்த்து ‘மேலும் பின்னர்’ என எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

இது ‘அம்மா பஅது’ என்ற பழந்தொடரின் சுருக்கம். இறைப்புகழை முடித்துப் பொருளுக்குள் நுழையும் இடத்தில் அதைச் சொல்வது அரபு உரைகளின் தொன்மையான மரபு. வெள்ளிக்கிழமைப் பேருரையில் தமிழ் முஸ்லிம்கள் இன்றும் அதைக் கேட்கிறார்கள். வாழ்த்து இங்கே முடிந்தது, இனிச் செய்தி என்று எல்லை வகுப்பதே அதன் வேலை. அந்த வேலையைத் தமிழில் செய்துவந்த சொல் நம் பழைய கடிதங்களிலேயே இருக்கிறது: ‘இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல். நிற்க.’ சொன்னது அவ்வளவில் நிற்கட்டும் என்னும் வியங்கோள் அது. இதைவிடப் பொருத்தமான நிகரை நான் அறியேன்.

நாற்பத்தைந்து நாள் கடந்த விலைப்பட்டியலுக்குப் பணம் கேட்டு எழுதுவதாகக் கொள்வோம். ‘மதிப்பிற்குரிய’ என்னும் பொருளுள்ள ‘அல்முஹ்தரம்’ பெயரைத் தொடர்ந்து வரும். பிறகு சலாம், அதன்பின் ‘தஹிய்யா தய்யிபா, வ பஅது’. விரும்பினால் உடல்நலம் வேண்டும் ஒரு வாக்கியத்தைச் சேர்க்கலாம். மடலுக்கு இவ்வளவு கனிவு போதும். பத்தி நீண்டால் கோரிக்கை அதற்குள் மறைந்துபோகும். கோரிக்கையையும் ‘செலுத்துங்கள்’ என்று எழுதாமல், ‘நர்ஜூ அத்தகர்ரும்’ என்று தொடங்குவார்கள். ‘தகர்ரும்’ என்பது கொடையைக் குறிக்கும் ‘கரம்’ என்ற அரபுச் சொல்லின் உறவு. எனவே ‘அன்புகூர்ந்து செலுத்த வேண்டுகிறோம்’ என்பது அதன் இயல்பான தமிழாகும்.

தொலைபேசியில் இந்த அளவு போதாது. சலாமுக்குப் பின் நலம் கேட்டு, அவர் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று சொல்லி நம் நலத்தைத் திருப்பிக் கேட்கும்வரை பொறுத்து, குடும்பத்தாரையும் பொதுவாக விசாரிக்க வேண்டும். வளைகுடா நாடுகளில் மனைவியைத் தனியே குறிப்பிட்டுக் கேட்பது பல வீடுகளில் முறையாகாது. ‘வீட்டில் எல்லோரும் நலமா’ என்பதே பொருந்தும். பேச்சில் ‘வ பஅது’ வராது. எல்லையைப் பெரும்பாலும் எதிரில் இருப்பவரே ‘தஃபள்ளல்’, அதாவது ‘சொல்லுங்கள்’, என்று காட்டுவார். அதற்கு முன்பே விலைப்பட்டியலின் எண்ணைச் சொல்லத் தொடங்கினால், பெரும்பாலும் அவர் மறுபடியும் ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்றே கேட்பார்.