லூட்டியல் கட்டம்: அது 'இரண்டாம் பாதி' அல்ல

ஓடுகிற பெண்களுக்கும் எடை தூக்குகிற பெண்களுக்கும் பயிற்சியாளர்கள் வாட்ஸப்பில் அனுப்பும் உணவு அட்டவணைகளில் ஒரு வரி தவறாமல் வருகிறது: 'சுழற்சியின் இரண்டாம் பாதியில், அதாவது 15ஆம் நாள் முதல், பசி கூடும், உணவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளவும்.' மாதவிடாய்ச் சுழற்சியில் முட்டை வெளியேறிய பின் வரும் லூட்டியல் ஃபேஸ் என்பதைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். காதுக்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் தவறு, அதுவும் தட்டில் வந்து விழுகிற தவறு.

முதலில் சொல்லின் பிறப்பு. லத்தீனில் 'லூட்டம்' என்பது துணிக்கு மஞ்சள் சாயம் எடுக்கும் ஒரு செடி. 'லூட்டியஸ்' என்றால் மஞ்சள் நிறமானது. சூலகத்திலிருந்து முட்டை வெளியேறியதும், அது இருந்த பை சுருங்கி மஞ்சளான ஒரு சிறு கட்டியாக மாறுகிறது. அதற்கு 'கார்பஸ் லூட்டியம்', மஞ்சள் உடல், என்று பெயர். அது உயிரோடிருந்து புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கும் நாட்களே லூட்டியல் கட்டம். கண்ணுக்கு நல்லதென்று கடைகளில் விற்கும் லூட்டீனும் இதே வேரில் பிறந்ததுதான்.

நிறத்தைப் பிடித்துக்கொண்டு 'மஞ்சள் கட்டம்' என்று எழுதுவோரும் உண்டு. உணவு அட்டவணையில் மஞ்சள் என்று கண்டால் நம்மவர் சமையலறை டப்பாவைத்தான் நினைப்பார்கள். உடம்போடு சேர்த்துச் சொன்னால் காமாலையை நினைப்பார்கள். இலங்கைப் பாடநூல் வழக்கில் 'மஞ்சட்சடலம்' இருக்கிறது. அங்கே சடலம் என்றால் உடல் என்று மாணவர்கள் பழகியிருக்கலாம், சென்னையில் அது பிணம். மாதாமாதம் பிறந்து சுரந்து அடங்குகிற ஓர் உறுப்புக்கு அந்தப் பெயர் இங்கே ஒட்டாது. இவை விசித்திரமாக ஒலிப்பதால் யாரும் நம்பி நடப்பதில்லை. 'இரண்டாம் பாதி' அப்படியல்ல. சரிபோலத் தோன்றுவதால்தான் கெடுக்கிறது.

பாதி என்றால் இரண்டு சம பங்கு. சுழற்சி அப்படிப் பிரிவதில்லை. இரத்தப்போக்கு தொடங்கும் நாளே முதல் நாள். நின்ற நாளிலிருந்து எண்ணுவது இன்னொரு பரவலான பிழை, சுழற்சியையே 'மாதவிடாய்' என்று சுருக்கி எழுதுவதால் வருவது. முதல் நாளிலிருந்து முட்டை வெளியேறும் வரையுள்ள பகுதி ஆளுக்கு ஆள் நீளும், குறுகும். ஒரே பெண்ணுக்கும் தேர்வு, காய்ச்சல், பட்டினி என்று எதனாலும் தள்ளிப்போகும். முட்டை வெளியேறிய பிறகுள்ள பகுதி அவ்வளவு மாறாது. மஞ்சள் உடலின் ஆயுள்தான் அதன் நீளம். பெரும்பாலும் 12 முதல் 14 நாள். 28 நாள் சுழற்சியில் மட்டுமே கணக்கு ஏறத்தாழ நடுவில் விழுகிறது. பாடநூல் படத்தில் வரைந்த அந்த 28 நாள் பெண்ணுக்காகவே மொழிபெயர்ப்பாளர்களும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

24 நாள் சுழற்சியுள்ள, 55 கிலோ எடையுள்ள, வாரம் நான்கு நாள் காலையில் ஓடுகிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 14ஐக் கழித்தால் அவருக்கு முட்டை வெளியேறுவது 10ஆம் நாளையொட்டி. அதற்கு முந்தைய சில நாட்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் உச்சத்தில் இருக்கும். அது பசியை அடக்கும், சாப்பாடு தானாகவே குறையும். 11, 12ஆம் நாளில் புரோஜெஸ்டிரோன் ஏறுகிறது, பசி திரும்புகிறது. அட்டவணையோ 15ஆம் நாள் வரை பொறு என்கிறது. இடைப்பட்ட நாட்களில் இரவு பத்து மணிக்குப் பிஸ்கட் டப்பாவைத் திறந்துவிட்டு, தனக்குக் கட்டுப்பாடு இல்லை என்று அவர் முடிவுகட்டுவார். 34 நாள் சுழற்சிக்காரருக்கு நேர்மாறு: முட்டை வெளியேறுவதே 20ஆம் நாள்வாக்கில். 15ஆம் நாளில் பசியே இல்லாமல் கூடுதல் இட்லியை விழுங்கிக்கொண்டிருப்பார்.

எனவே நான் எழுதுவது 'பின்கட்டம்'. அதற்கு முந்தியது 'முன்கட்டம்'. முதல் தடவை மட்டும் 'சூலகத்திலிருந்து முட்டை வெளியேறிய பின்னுள்ள கட்டம்' என்று விரித்துவிட்டால் போதும். 'முட்டைக்குப் பின்' என்று சுருக்க வேண்டாம். உணவு அட்டவணையில் அதற்கு என்ன பொருள் வரும் என்று சொல்லத் தேவையில்லை. தூய தமிழ்தான் வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கில்லை, 'லூட்டியல்' என்றே எழுதினாலும் சரி. தப்பான தமிழைவிடப் புரியாத லத்தீன் தேவலை. புரியாததைக் கேட்டாவது தெரிந்துகொள்வார்கள்.

பின்கட்டம் எப்போது தொடங்கியது என்று வீட்டிலேயே பார்க்கலாம். காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன், தெர்மாமீட்டரை நாக்கடியில் வைத்து தினமும் குறிக்க வேண்டும். முந்தைய ஆறு நாள் அளவைவிட 0.3 டிகிரி செல்சியஸ் போல ஏறி, மூன்று நாள் இறங்காமல் நின்றால் முட்டை வெளியேறிவிட்டது. ஒருநாள் மட்டும் ஏறினால் அது தூக்கக்கேடாகவோ காய்ச்சலாகவோ இருக்கலாம்.

தட்டில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பின்கட்டத்தில் பசி கூடுவது சராசரியாக நாளுக்கு 150 கலோரி அளவுதான். ஆளுக்கு ஆள் மாறும். ஒரு வாழைப்பழமும் ஒரு சிறு கைப்பிடி வேர்க்கடலையும் அதை ஈடுசெய்யும். அதைப் பயிற்சியை ஒட்டி வைப்பதே நல்லது. அந்த 55 கிலோ பெண் வெறும் வயிற்றில் ஓடப் பழகியவர் என்றால், இந்த நாட்களில் முக்கால் மணி நேரம் முன்னதாக ஒரு பெரிய வாழைப்பழம் சாப்பிடட்டும்; மாவுச்சத்து 25, 30 கிராம் கிடைக்கும். ஓடி முடித்ததும் இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ. புரதம் உடைவதும் பின்கட்டத்தில் சற்றுக் கூடுவதால், நாளின் மொத்தப் புரதம் 80, 90 கிராமுக்குக் குறையாமல் மூன்று வேளைக்கும் பிரிந்து வர வேண்டும். இரவுச் சாப்பாட்டில் மொத்தமாகக் கொட்டிப் பயனில்லை. உடல் வெப்பம் ஏறியிருப்பதால் அதே வேகம் கடினமாகத் தோன்றும்; சித்திரை வெயிலில் கடிகாரத்தை நம்பாமல் மூச்சை நம்பி ஓடுவது மேல்.

அடிக்கடி நடக்கிற தவறு தராசில். பின்கட்டத்தின் கடைசி நாட்களில் உடம்பு நீரைப் பிடித்துவைத்து அரை கிலோ, ஒரு கிலோ ஏறும். இரத்தப்போக்கு தொடங்கிய சில நாட்களில் இறங்கிவிடும். அதைக் கொழுப்பென்று எண்ணி, பசி மிகுந்திருக்கும் அதே நாட்களில் சோற்றைக் குறைக்கிறார்கள். எடையை ஒப்பிடுவதானால் போன சுழற்சியின் 5ஆம் நாளை இந்தச் சுழற்சியின் 5ஆம் நாளோடு ஒப்பிடுங்கள்.

கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தச் சொல்லே பொருந்தாது. பெரும்பாலான மாத்திரைகள் முட்டை வெளியேறுவதையே தடுக்கின்றன. மாத்திரை நிறுத்தும் வாரத்தில் வருவது ஹார்மோன் குறைவதால் வரும் போக்கு மட்டுமே. நீர்க்கட்டிச் சிக்கலால் முட்டை வெளியேறாத மாதங்களிலும் போக்கு வரலாம், பின்கட்டம் இராது. தெர்மாமீட்டர் ஏறாமலே கிடக்கும். கடும் பயிற்சியில் இருந்துகொண்டு குறைவாகச் சாப்பிடும் பெண்ணுக்கு மூன்று மாதம் போக்கே வரவில்லை என்றால், கர்ப்பமில்லை என்று உறுதிசெய்துகொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். அப்போது குறைவது 150 கலோரி அல்ல, ஒரு வேளைச் சாப்பாடாகவே இருக்கலாம்.