மொத்த மின்னூட்டம் சுழி என்பதால் மின்னழுத்தமும் சுழி ஆகிவிடாது

பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் என் கண்ணில் படுகிற ஒரு வரியை இந்த வாரமும் பார்த்தேன். நன்றாகப் படிக்கும் மாணவி ஒருவர் மூன்று உறுப்புகளையும் சரியாக எழுதி, ஒவ்வொன்றையும் முழு எண்ணாகத் தோராயப்படுத்தி, "47 − 90 + 43 = 0" என்று கூட்டியிருந்தார். அதன் கீழே, "மொத்த மின்னூட்டம் சுழி, எனவே மின்னழுத்தமும் சுழி" என்று ஒரு காரணத்தையும் சேர்த்திருந்தார். கணக்கில் நேர்ந்த பிழையும் மனத்தில் இருந்த தவறான எண்ணமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொண்டதால், தம் விடையை மறுபடி பார்க்க அவருக்குக் காரணமே இல்லாமல் போயிற்று. இதை விரிவாக எழுதியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதனால்தான்.

வினா இதுதான். ஒரே நேர்கோட்டில் நடுவில் −2q மின்னூட்டமும், அதன் இருபுறமும் a தொலைவில் ஒவ்வொரு +q மின்னூட்டமும் உள்ளன. நேர்கோட்டு மின் நான்முனை என்பது இந்த அமைப்பே. நடுவிலிருந்து அச்சின் மீது r தொலைவில் மின்னழுத்தமும் மின்புலமும் எவ்வளவு? வினாவில் q = 1 நானோ கூலூம், a = 1 செ.மீ., r = 20 செ.மீ. என்று கொடுத்திருந்தேன்.

முதலில் r = 10 செ.மீ. என்று வைத்துப் பார்ப்போம். அங்கே எண்கள் தெளிவாகப் பேசுகின்றன. k-இன் மதிப்பை 9 × 10⁹ என்று கொண்டால், 9 செ.மீ. தொலைவிலுள்ள அருகு மின்னூட்டம் +100 வோல்ட்டும், நடுவிலுள்ளது −180 வோல்ட்டும், 11 செ.மீ. தொலைவிலுள்ள கடைசி மின்னூட்டம் +81.82 வோல்ட்டும் தருகின்றன. கூட்டுத்தொகை 1.82 வோல்ட். இது எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். இரண்டு +q மின்னூட்டங்களும் நடுவிலேயே இருந்திருந்தால் ஒவ்வொன்றும் 90 வோல்ட் தந்து, −180 வோல்ட்டைத் துல்லியமாக நீக்கியிருக்கும். ஒன்று 1 செ.மீ. நெருங்கி வந்ததால் 10 வோல்ட் கூடியது. மற்றொன்று அதே 1 செ.மீ. விலகியதால் 8.18 வோல்ட் மட்டுமே குறைந்தது. நெருங்குவதால் வரும் லாபம் விலகுவதால் வரும் நட்டத்தைவிடப் பெரிது, ஏனெனில் 1/r என்னும் கோடு நேர்கோடு அல்ல, அது வளைந்தது. அந்த வளைவின் எச்சமே நான்முனையின் மின்னழுத்தம்.

ஆகவே மொத்த மின்னூட்டம் சுழி என்பது, தொலைவில் 1/r என்று குறையும் பகுதி இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. இந்த அமைப்பை எதிரெதிராக வைத்த இரண்டு இருமுனைகளாகப் பார்த்தால், ஒன்றின் திருப்புத்திறன் வலப்புறம் qa, மற்றதன் திருப்புத்திறன் இடப்புறம் qa. அவையும் நீங்கிவிடுவதால் 1/r² என்று குறையும் பகுதியும் இல்லை. ஆனால் அந்த இரு இருமுனைகளும் ஒரே இடத்தில் இல்லை. அந்த இடைவெளியின் காரணமாகவே 1/r³ என்று குறையும் பகுதி எஞ்சுகிறது. மூன்று உறுப்புகளையும் தோராயம் எதுவும் செய்யாமல் சேர்த்தால் கிடைப்பது:

V = 2kqa² / [r(r² − a²)]

r, a-ஐவிட மிகப் பெரிதாக இருக்கும்போது மட்டும் a²-ஐ விட்டுவிட்டு V = 2kqa²/r³ என்று எழுதலாம். 10 செ.மீ. தொலைவில் இது 1.80 வோல்ட் தருகிறது. ஒரு விழுக்காடுதான் குறைவு. (2qa² என்பதைச் சில நூல்கள் நான்முனைத் திருப்புத்திறன் என்று குறிக்கின்றன, சில நூல்கள் 4qa² என்று வரையறுத்து வாய்பாட்டில் 2-ஆல் வகுக்கின்றன. இரண்டு நூல்களிலிருந்து பாதிப் பாதி எடுத்து எழுதாதீர்கள்.)

இங்கே வரிசை முக்கியம்: முதலில் கூட்டுங்கள், பிறகு தோராயப்படுத்துங்கள். ஈருறுப்புத் தேற்றத்தைப் பயன்படுத்துவோர் 1/(r − a) என்பதை (1/r)(1 + a/r) என்று முதல் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்போது இருபுற உறுப்புகளும் சேர்ந்து 2/r ஆகி, நடு உறுப்போடு நீங்கிச் சுழியைத் தரும். a²/r² வரை விரித்தால்தான் எஞ்சுவது கண்ணுக்குத் தெரியும். எண்களிலும் இதே கதைதான். 20 செ.மீ. தொலைவில் உறுப்புகள் 47.368, −90, 42.857, அவற்றின் கூட்டுத்தொகை 0.225 வோல்ட். ஏறத்தாழச் சமமான பெரிய எண்களைக் கழித்து மிகச் சிறிய எண்ணைப் பெறும் இடத்தில் தசமங்களை முன்னதாகவே வெட்டினால், வெட்டி எறிவது விடையையேதான். அந்த மாணவிக்கு நேர்ந்தது இதுவே.

மின்புலத்துக்கு வருவோம். V-ஐ r-ஆல் வகுத்து மின்புலம் என்று எழுதுகிறவர்கள், அந்தப் பழக்கம் தனி மின்னூட்டத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். V, 1/r³ என்று குறையும்போது அதன் வகைக்கெழுவில் 3 என்னும் காரணி வந்து சேர்கிறது; தொலைவில் E = 6kqa²/r⁴. 10 செ.மீ. தொலைவில் இது மீட்டருக்கு 54 வோல்ட். மூன்று மின்னூட்டங்களின் புலங்களையும் தனித்தனியே கூட்டினால் 1111.1 − 1800 + 743.8, அதாவது 54.9 வருகிறது. V/r என்று போட்டிருந்தால் 18.2 மட்டுமே கிடைத்திருக்கும். திசையையும் கவனியுங்கள்: அச்சின் இரு முனைகளுக்கும் அப்பால் V நேர்க்குறியுடையது, E வெளிநோக்கியது. இருமுனையைப் போல ஒருபுறம் நேர், மறுபுறம் எதிர் என்று இங்கே ஆகாது. கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறும் இதே வடிவம்தான். ஆனால் அதில் நடுவிலுள்ள கார்பன் சற்று நேர், இரு ஆக்சிஜன்களும் சற்று எதிர் என்பதால் தொலைவில் குறிகள் எல்லாம் தலைகீழாகின்றன.

கடைசியாக, சொல்லிச் சொல்லி எனக்குச் சலித்துப்போன ஒன்று. மேலே கண்ட V, r > a என்னும் பகுதிக்கு மட்டும் உரியது. அதை வகையிட்டுக் கிடைக்கும் 2kqa²(3r² − a²)/[r²(r² − a²)²] என்னும் புலத்தைச் சுழியாக்கி, "r = a/√3 இல் மின்புலம் இல்லை" என்று எழுதுகிறார்கள். அந்தப் புள்ளி மின்னூட்டங்களுக்கு இடையில் இருக்கிறது; அங்கே இந்த வாய்பாடு செல்லாது. தொலைவு எப்போதும் நேர் எண் என்பதால், உள்ளே நடுவிலிருந்து x தொலைவில் முதல் உறுப்பு 1/(a − x) ஆகிவிடும். உள்ளே வைக்கப்படும் நேர் மின்னூட்டத்தை அருகிலுள்ள +q நடுநோக்கித் தள்ளுகிறது, −2q அதே பக்கமாக இழுக்கிறது, தொலைவிலுள்ள +q மட்டும் பலவீனமாக எதிர்க்கிறது. எனவே அங்கே மின்புலம் எந்த இடத்திலும் சுழியாகாது. மாறாக, x = 0.618a என்னும் இடத்தில் மின்னழுத்தம் சுழியாகிறது, ஆனால் நம் எண்களில் அதே புள்ளியில் மின்புலம் மீட்டருக்கு ஏறத்தாழ 10.5 லட்சம் வோல்ட். காற்று மின்கசிவுக்கு உள்ளாகும் புலத்தில் அது மூன்றில் ஒரு பங்கு.

கணக்கைத் தொடங்கும் முன் புள்ளி வெளியிலா உள்ளேயா என்று கோடு வரைந்து குறியுங்கள். முடித்த பிறகு r-ஐ இரட்டிப்பாக்கிப் பாருங்கள்: தொலைவில் V எட்டில் ஒன்றாகவும் E பதினாறில் ஒன்றாகவும் குறையவில்லையென்றால், எங்கோ ஓர் உறுப்பை முன்னதாகவே வெட்டியிருக்கிறீர்கள்.